பெங்களூர்க் கல்லூரியில் ரிகர்ஷன் பற்றிய உரை: ஸ்லைடில் பேச்சுத் தமிழையும் ஆங்கிலச் சொற்களையும் எப்படிக் கலப்பது?

மென்நிரல்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் தமிழ் மாணவர் குழு, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ரிகர்ஷன் பற்றி ஒரு மாலை நேர உரை நிகழ்த்த என்னை அழைத்திருக்கிறது. பைத்தான் மொழியில் காட்டப் போகிறேன். வருபவர்களில் ஒரு பகுதியினர் ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். மற்றவர்கள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்; வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படித்திருக்கிறார்கள், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள் அல்லது வாசிக்கவே மாட்டார்கள்.

வாயால் பேசுவதில் எனக்குக் குழப்பம் இல்லை. அலுவலகத்தில் நண்பர்களிடம் பேசுவதைப் போலவே, ஆங்கிலக் கலைச்சொற்களோடு பேச்சுத் தமிழில்தான் பேசுவேன். ஸ்லைடில் எதை எழுதுவது என்பதுதான் கேள்வி. முதல் வரைவு இப்படி இருக்கிறது:

```
ஒரு function தன்னைத்தானே call பண்ணிக்கிறதுதான் recursion.
ஒவ்வொரு call-க்கும் stack-ல ஒரு frame create ஆகுது.
Base case இல்லன்னா stack full ஆயிடும், program crash ஆயிடும்.
```

திரையில் போட்டுப் பார்த்தால் பேசும்போது இருக்கிற எளிமை இதில் இல்லை. வாசிக்கக் கரடுமுரடாக இருக்கிறது. "பண்ணிக்கொள்வது", "ஆகிவிடும்" என்று எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் நான் பேசுவது ஒன்றும் திரையில் இருப்பது இன்னொன்றுமாகி விடுகிறது. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரித்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

பேச்சுத்தமிழ்ப் பிரியன்

உங்கள் வரைவையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. கல்லூரி மாணவர்கள் நாள் முழுவதும் பேசுவதும் கைப்பேசியில் எழுதுவதும் இந்தத் தமிழைத்தான். "ஆகிவிடும்" என்ற சொல்லைத் திரையில் பார்த்ததுமே தமிழ்ப் பாடவேளையில் உட்கார்ந்திருக்கும் நினைப்பு அவர்களுக்கு வந்துவிடும், அதன் பிறகு கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள். பேச்சாளர் பேசுவதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் கேட்பவருக்கு வேலை குறைவு. ஆகவே எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள் என்பதுதான் என் கருத்து.

ஏரிக்கரை

நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் பாடம் நடத்துகிறேன். வகுப்பு ஆங்கிலத்தில்தான். மாலையில் தமிழ் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும்போது ஸ்லைடுகளில் இந்தச் சிக்கலோடு நிறையப் போராடியிருக்கிறேன்.

பிரியன் சொல்வதில் பாதியை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: வாயும் திரையும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஆனால் பேச்சுத் தமிழைத் திரையில் அப்படியே எழுதினால் அந்த ஒற்றுமை கிடைப்பதில்லை, ஏனென்றால் பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்து வடிவம் கிடையாது. "ஆயிடும்" என்று நீங்கள் எழுதியதை ஒருவர் "ஆயிரும்" என்பார், இன்னொருவர் "ஆகிடும்" என்பார், தருமபுரியிலிருந்து வந்தவர் வேறொரு விதமாகச் சொல்லுவார். காதில் விழும்போது இவை எல்லாமே ஒன்றுதான், யாரும் தடுமாற மாட்டார்கள். கண்ணுக்கு அப்படி இல்லை; பழகிய சொல்லைக் கண் முழு உருவமாகப் பிடித்துக்கொண்டு ஓடும், பழகாத எழுத்துக்கூட்டில் நின்று வாய்க்குள் ஒலித்துப் பார்த்துத்தான் நகரும். "பண்ணிக்கிறதுதான்" என்ற சொல்லில் நன்றாகத் தமிழ் வாசிக்கிறவர்களே ஒரு நொடி நிற்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பெங்களூர்ப் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடுவார்கள், அதற்குள் நீங்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள்.

நான் கண்ட வழி, பேச்சிலும் எழுத்திலும் உருவம் மாறாத வினைமுற்றுகளை மட்டும் ஸ்லைடில் வைப்பது. நிகழ்காலத்தில் "ஆகிறது, ஆகுது" என்றும் இறந்தகாலத்தில் "வந்தது, வந்துச்சு" என்றும் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. ஆனால் அஃறிணையில் வரும் "-உம்" ஈற்று வினை, அதாவது வரும், போகும், சேரும், திரும்பும், இருக்கும், காட்டும் போன்றவை, எழுத்திலும் அதேதான், பேச்சிலும் அதேதான். பேச்சில் கடைசி மகரம் மூக்கொலியாகத் தேய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஃபங்ஷன், ஸ்டாக், வேரியபிள் எல்லாமே அஃறிணை. நாம் சொல்ல வருவதும் அவை வழக்கமாக என்ன செய்யும் என்பதைத்தான். அந்தப் பொருளுக்குத் தமிழில் இயல்பாக வருவதே "-உம்" ஈறுதான். "நாம் எழுதுவோம்", "பார்ப்போம்" போன்றவையும் இரண்டு வழக்குக்கும் பொதுவானவை. "நிற்கும்", "கேட்கும்" போன்ற சில சொற்கள் மட்டும் பேச்சில் "நிக்கும்", "கேக்கும்" என்று மாறும். அந்த இடத்தில் வேறு வினையைத் தேடிக்கொள்ளலாம்.

உங்கள் இரண்டாம் வரியில் "create ஆகுது" என்பதை எடுத்துவிட்டு "சேரும்" என்று போட்டுப் பாருங்கள். அந்த வரியைத் திரையில் உள்ளபடியே வாய்விட்டு வாசித்தாலும் பேசுவது போலவே இருக்கும்.

கரோல்பாக் தமிழன்

தில்லியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் சார்பில் கணினி பற்றி ஒரு சிறு கையேட்டைத் தமிழில் அச்சிட்டோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் எங்களிடையே உண்டு, அவர்கள் தமிழ் நன்றாக வாசிப்பார்கள். கையேட்டில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் முதலில் வரும் இடத்தில் விளக்கி, பிறகு முழுவதும் எழுத்துத் தமிழில் எழுதினோம். மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று பொறுமையாகப் படித்தார்கள். நீங்களும் அந்த முறையைப் பின்பற்றலாம் என்று நினைக்கிறேன்.

மென்நிரல்

நன்றி ஐயா. கையேடு என்றால் நானும் அப்படித்தான் எழுதுவேன். ஸ்லைடை யாரும் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கப் போவதில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இங்குள்ள நெருக்கடி. உரைக்குப் பிறகு கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தால் உங்கள் முறை பொருந்தும்.

ஏரிக்கரை அம்மா சொன்ன "-உம்" ஈறு எனக்குப் புதிய செய்தி. ஆங்கிலச் சொல்லோடு "பண்ணும்", "ஆகும்" என்று சேர்ப்பதும் இதில் அடங்குமா? "பண்ணு" என்ற சொல்லைத் திரையில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. "செய்யும்" என்று போடலாமா?

ஏரிக்கரை

"பண்ணும்" என்றே எழுதுங்கள் தம்பி. "கால் செய்யும்" என்று யாரும் பேசுவதில்லை, திரையில் அதைப் பார்த்துவிட்டு வாயால் "கால் பண்ணும்" என்று சொல்வீர்கள். நாம் தவிர்க்க நினைத்த பிளவு அங்கேயே திரும்ப வந்துவிடும். அதைவிட முக்கியமாக, "பண்ணும்" "ஆகும்" இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ரிகர்ஷன் பாடத்தின் நடு நரம்பைத் தொடுகிறது. "கால் பண்ணும்" என்றால் அழைப்பது அந்த ஃபங்ஷன். "கால் ஆகும்" என்றால் அதை வேறெதுவோ அழைக்கிறது. மற்ற பாடங்களில் இதைக் கொஞ்சம் கலந்து பேசினாலும் கெடுதல் இல்லை. ரிகர்ஷனில் அழைப்பதும் அழைக்கப்படுவதும் ஒரே பெயர் கொண்ட ஃபங்ஷன் என்பதால், ஸ்லைடில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் மாணவருக்கு எது எதைக் கூப்பிட்டது என்பதே குழம்பிப் போகும். ஒரு ஸ்லைடு முழுவதும் "பண்ணும்" என்ற ஒரே பக்கத்திலிருந்தே சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் மூன்றாம் வரி. "stack full ஆயிடும், program crash ஆயிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பைத்தானில் காட்டப் போகிறீர்கள் அல்லவா? இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
def f(n):
    return n * f(n - 1)

f(5)
```

5, 4, 3 என்று இறங்கி, பூஜ்யத்தில் நிற்காமல் -1, -2 என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஸ்டாக் நிரம்பும் வரை பைத்தான் விடாது. அதற்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது, வழக்கமாக அது 1000. `import sys` போட்டுவிட்டு `sys.getrecursionlimit()` என்று கேட்டால் சொல்லும். அந்த வரம்பைத் தொட்டதும் திரையில் வருவது இதுதான்:

```
RecursionError: maximum recursion depth exceeded
```

மாணவர் இரவு விடுதி அறையில் இதை ஓட்டும்போது அவர் கண் முன் இருப்பது இந்த வரி மட்டுமே. உங்கள் ஸ்லைடில் "stack full" என்று படித்தவர் இந்த வரியோடு அதைத் தொடர்புபடுத்தத் திணறுவார். சி மொழியில் எழுதியிருந்தால் ஸ்டாக் உண்மையிலேயே நிரம்பி நிரல் விழும் என்பதை வாயால் சொல்லுங்கள், அது நல்ல செய்திதான். ஸ்லைடில் மட்டும் டெர்மினலில் வருகிற எழுத்தே இருக்கட்டும். எந்த ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே விடுவது என்பதற்கும் நான் இந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். மாணவர் தட்டச்சு செய்யப் போகிற, தேடப் போகிற, பிழைச்செய்தியில் பார்க்கப் போகிற சொல் என்றால் அது ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் "ஸ்டாக்" என்று எழுதினால் அடுக்கி வைக்கும் ஸ்டாக்கா, கடையில் இருக்கும் ஸ்டாக்கா என்பது தெரியாது. "பக்", "பிட்" எல்லாவற்றிலும் இதே தொல்லை. அப்படித் தட்டச்சில் வராத "create", "full" போன்ற சொற்களுக்குத் தமிழே போதும், பேச்சிலும் "சேரும்", "நிறையும்" என்று இயல்பாக வரும்.

தருமபுரி மாணவி

அக்கா, நான் பெங்களூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் இதைத் "தற்சுழற்சி" என்றுதான் நாங்கள் படித்தோம். கல்லூரிக்கு வந்த புதிதில் வகுப்பில் "recursion" என்று சொன்னபோது, ஏற்கெனவே படித்த ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு வெகு நாள் வரை தெரியாது. புதிய பாடம் என்று நினைத்துப் பயந்தேன். முதல் ஸ்லைடில் அந்தத் தமிழ்ச் சொல் ஒரு முறையாவது இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. மற்ற இடங்களில் ஆங்கிலத்தில் இருப்பதே நல்லது, தேர்வும் ஆங்கிலத்தில்தானே எழுதுகிறோம்.

ஏரிக்கரை

இதை நான் யோசிக்கவில்லை கண்ணு, சரியான இடத்தில் சொன்னாய். தலைப்பு ஸ்லைடில் "recursion" பெரிதாகவும் அதன் கீழே "தற்சுழற்சி" சற்றுச் சிறிதாகவும் இருக்கட்டும், பேச்சாளர் ஒரு முறை இரண்டையும் சேர்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகு ஒரே சொல்தான். ஸ்லைடுக்கு ஸ்லைடு மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

மென்நிரல்

தலைப்பு ஸ்லைடை இன்றே மாற்றிவிடுகிறேன். வேற்றுமை உருபில்தான் இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறேன். `stack-இல்` என்று எழுதுவதா, `stack-ல்` என்று எழுதுவதா? `array` போன்ற சொல்லுக்கு `array-யில்` என்று உடம்படுமெய் போட வேண்டுமா? `f(2)-ஐ` என்று எழுதினால் வாயில் "எஃப் ஆஃப் டூவை" என்று வருகிறது, திரையில் வகரம் இல்லை.

ஏரிக்கரை

உருபு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பேச்சில் அஃறிணைச் செயப்படுபொருளுக்கு "-ஐ" போடாமலே நாம் சமாளிப்போம். "தண்ணி குடிச்சேன்" என்போம், "தண்ணியைக் குடிச்சேன்" என்று வலியுறுத்தும்போது மட்டும் சொல்வோம். ஸ்லைடிலும் `1 return பண்ணும்` என்றாலே போதும். ஆனால் `f(3), f(2) call பண்ணும்` என்று எழுதினால் யார் யாரை என்பது தெரியாது, இரண்டும் சேர்ந்து எதையோ அழைக்கின்றன என்றுகூடப் படிக்கலாம். அந்த மாதிரி இடத்தில் உருபு கட்டாயம் வேண்டும், அல்லது ஓர் அம்புக்குறி போட்டு அந்த வேலையை அதனிடம் விட்டுவிடலாம். `-இல்`, `-ல்` இரண்டில் நான் `-இல்` பக்கம், தனியாக நின்றாலும் அது படிக்க முடிகிற வடிவம் என்பதால். உடம்படுமெய் விஷயத்தில் எனக்கே உறுதியான கருத்து இல்லை. உரை முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்துரு வேலை

உருபைப் பற்றிப் பேசும்போது ஒரு நடைமுறைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். `stack-இல்` என்பதில் உள்ள சாதாரண இணைகோட்டில் வரி உடையும். `stack-` ஒரு வரியின் கடைசியிலும் `இல்` அடுத்த வரியின் தொடக்கத்திலும் வந்து நிற்கும். தமிழ் மெதுவாக வாசிப்பவர் அந்த `இல்` ஏதோ "இல்லை" என்று நினைப்பார். உடையாத இணைகோடு ஒன்று யூனிகோடில் இருக்கிறது, அதன் குறி U+2011. அதைப் போட்டபின் கோடு மற்றவற்றைவிடத் தடித்தோ மெலிந்தோ தெரிந்தால், நீங்கள் எடுத்த எழுத்துருவில் அது இல்லை, வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வந்திருக்கிறது என்று பொருள். அப்போது வரியைச் சுருக்கி ஒரே வரியில் அடக்குவதே எளிது.

ஒரே வரியில் இரண்டு எழுத்துமுறை வரும்போது அளவிலும் கவனம் வேண்டும். லிப்ரெஆஃபிஸில் ஆங்கில எழுத்துருவும் தமிழ் எழுத்துருவும் தனித்தனி அமைப்புகள், அளவும் தனித்தனி. ஒன்றை 32 ஆக்கி மற்றொன்றை 24 இலேயே விட்டுவிட்டால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் கத்துவது போல் தெரியும். பவர்பாயிண்டிலும் ஆங்கிலத்துக்கு எடுத்த எழுத்துரு தமிழுக்குத் தானாகப் பொருந்திவிடும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸில் `Nirmala UI` வைத்துச் செய்த கோப்பை லினக்ஸ் கணினி உள்ள அரங்கில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, சொற்களின் அகலம் மாறி, கடைசிச் சொல் கீழே விழும். தமிழ் எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான். பிடிஎஃப் ஆக்கி எடுத்துச் செல்லுங்கள். ஆக்கிய பிறகு "கொ, கோ, கௌ" வரும் இடங்களை மட்டும் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போயிருந்தாலோ புள்ளிவட்டம் தெரிந்தாலோ எழுத்துக் கோவை கெட்டிருக்கிறது.

நிரல் காட்டும் ஸ்லைடில் தமிழில் குறிப்பு எழுத வேண்டாம். அங்கு ஆங்கில எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம், தமிழ் எழுத்துகள் அப்படி இல்லை, நெடுவரிசை கோணலாகிவிடும். குறிப்பைப் பக்கத்தில் தனிப் பெட்டியில் வையுங்கள்.

பேச்சுத்தமிழ்ப் பிரியன்

ஏரிக்கரை அம்மாவின் "-உம்" யோசனையை மனதார ஏற்கிறேன். ஆனால் தமிழே வாசிக்கத் தெரியாத பெங்களூர்ப் பிள்ளைகளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஸ்லைடையும் அப்படியே எழுதினால் அரங்கில் உள்ள அத்தனை பேரும் வாசிப்பார்கள் அல்லவா?

```
f(3) → f(2) call pannum, kaathirukkum
```

தருமபுரி மாணவி

எனக்கு இது வாசிக்க மிகவும் கடினம் அண்ணா. நண்பர்களின் செய்தி என்றால் பழக்கத்தால் புரிந்துவிடும். ஸ்லைடில் எது நிரல், எது ஆங்கிலம், எது தமிழ் என்று பிரித்துப் பார்க்கவே நேரம் போய்விடும். தமிழ் எழுத்தில் இருந்தால் ஆங்கில எழுத்தில் இருப்பதெல்லாம் கலைச்சொல் என்று பார்த்தவுடன் தெரிகிறது.

ஏரிக்கரை

மாணவி சொல்வதுதான் என் அனுபவமும். எழுத்து மாறுவதே ஓர் அடையாளமாக நின்று கலைச்சொல்லைத் தூக்கிக் காட்டுகிறது, எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் எழுதினால் அது போய்விடும். ஆனால் வாசிக்கத் தெரியாதவர்களைப் பற்றிப் பிரியனுக்கு இருக்கும் அக்கறை நியாயமானது, அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. நான் செய்வது, அவர்கள் தமிழ் வரியைத் தவிர்த்தாலும் படமும் கலைச்சொல்லும் எண்ணும் அதே கதையைச் சொல்லும்படி ஸ்லைடை அமைத்து, தமிழ் வரியை ஒரு முறை உள்ளபடியே வாய்விட்டு வாசிப்பது. அவர்களுக்குக் காது வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

பேச்சுத்தமிழ்ப் பிரியன்

காது வழியாகப் போய்ச் சேரும் என்றால் அவர்களுக்குத் திரை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. எண்ணிக்கையில் அவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் நான் ஆங்கில எழுத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

மென்நிரல்

மாணவர் குழுவில் விசாரித்தேன். வாசிக்கத் தெரியாதவர்கள் சிலர்தான் என்கிறார்கள், ஆகவே தமிழ் எழுத்திலேயே போகிறேன். நிரலில் `if n == 0: return 1` என்ற வரியைச் சேர்த்த பின் காட்டப் போகும் ஸ்லைடு இது:

```
f(3) → f(2)    call பண்ணும், காத்திருக்கும்
f(2) → f(1)    call பண்ணும், காத்திருக்கும்
f(1) → f(0)    call பண்ணும், காத்திருக்கும்
f(0)           base case: 1 return பண்ணும்
```

அடுத்த ஸ்லைடில் இதே நான்கு வரிகளும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மறையும்; மறையும்போது f(1) தருவது 1, f(2) தருவது 2, f(3) தருவது 6 என்று வலப்பக்கம் எண்கள் வரும். "stack" என்ற சொல்லை அங்கேதான் முதன்முதலாகப் போடுகிறேன், கண் முன் அடுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு.

ஏரிக்கரை

நன்றாக வந்திருக்கிறது. "காத்திருக்கும்" என்பதை மூன்று வரியிலும் விட்டுவைத்தது மிகச் சரி, அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதில்தான் ஃப்ரேம்கள் ஏன் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருகின்றன என்பது விளங்கும். ஒரு திருத்தம் மட்டும்: அடுக்கு மேல்நோக்கி வளரும் என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் f(3) அடியிலும் f(0) உச்சியிலும் இருக்க வேண்டும். இப்போது உங்கள் ஸ்லைடில் தலைகீழாக இருக்கிறது. வரிகளின் வரிசையைப் புரட்டிவிட்டு, மறைவதை மேலிருந்து தொடங்குங்கள்.

எழுத்துரு வேலை

புரட்டும்போது ஒவ்வொரு வரியையும் தனிப் பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் உள்ள வரியும் ஆங்கிலம் மட்டும் உள்ள வரியும் ஒரே பெட்டியில் இருந்தால் உயரம் வேறுபடும், வரி மறையும்போது மற்றவை லேசாகக் குதிக்கும். பிடிஎஃப் கோப்பில் அசைவு இருக்காது என்பதால் ஒவ்வொரு படிக்கும் தனி ஸ்லைடு போட வேண்டியிருக்கும்.